கணக்கில் 62, சமூக அறிவியலில் 83: எது பலம்?

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவி எடுத்த மதிப்பெண்கள் இவை: தமிழ் 85, சமூக அறிவியல் 83, அறிவியல் 76, ஆங்கிலம் 71, கணிதம் 62. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட வந்த அவளுடைய அம்மா ஒரு முடிவோடுதான் வந்தார். "சார், கணக்கு இவளுக்கு வரலை. பதினொண்ணாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பா பார்த்துச் சேர்த்துடலாம்னு இருக்கோம். சமூக அறிவியல் நல்லா வருது, அதை வச்சே போகட்டும்."

ஐந்து எண்களை வரிசைப்படுத்தினால் யாருக்கும் தோன்றுவது அதுதான். அந்த வரிசை எந்த அளவுக்கு மாணவியைப் பற்றிச் சொல்கிறது, எந்த அளவுக்கு வினாத்தாளையும் திருத்தத்தையும் பற்றிச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு இசட் மதிப்பு உதவும். இந்த ஒரு மாணவியின் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கவும், படிப்பவர்கள் கையால் சரிபார்க்க வசதியாக இருக்கவும் எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

வகுப்பில் 24 பேர். கணிதத் தேர்வை எல்லோருமே எழுதினார்கள். மதிப்பெண்கள் இறங்குவரிசையில்:

81, 74, 68, 62, 55, 53, 51, 49, 48, 47, 46, 45, 43, 42, 41, 39, 38, 37, 36, 35, 33, 30, 28, 23

நான்காவதாக இருக்கும் 62தான் நம் மாணவி. கூட்டுத்தொகை 1104, அதை 24ஆல் வகுத்தால் சராசரி 46. ஆக, அவள் சராசரிக்கு 16 மதிப்பெண் மேலே இருக்கிறாள். இந்த 16 பெரிதா சிறிதா என்பது மற்றவர்கள் எவ்வளவு பரவிக் கிடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் 40க்கும் 52க்கும் நடுவில் அடைந்து கிடந்தால் 16 என்பது மலை. 10 முதல் 90 வரை சிதறிக் கிடந்தால் அது சாதாரணம். அந்தப் பரவலை அளக்கத்தான் திட்ட விலக்கம். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி இயலில் இதே பிள்ளைகள் படிக்கிற அதே திட்ட விலக்கம்தான், வேறொன்றும் இல்லை.

ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் 46ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டினால் 4662 வருகிறது. 24ஆல் வகுத்தால் 194.25. அதன் வர்க்கமூலம் 13.94, இதுதான் திட்ட விலக்கம். இனி ஒரே ஒரு படி மிச்சம், அந்த 16ஐத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் இசட் மதிப்பு:

```
z = (62 − 46) / 13.94 = 1.15
```

அதாவது கணிதத்தில் அவள் வகுப்புச் சராசரிக்கு மேலே, ஒரு திட்ட விலக்கத்தையும் தாண்டி நிற்கிறாள். 24 பேரில் மூன்று பேர்தான் அவளுக்கு முன்னால்.

திட்ட விலக்கத்துக்கு 24ஆல் வகுப்பதா 23ஆல் வகுப்பதா என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். இங்கே வகுப்பு என்பது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி அல்ல. ஒப்பிட நினைக்கும் கூட்டமே இந்த வகுப்புதான். அதனால் 24ஆல் வகுக்கிறேன். 23ஆல் வகுத்தால் இசட் மதிப்பு 1.12 ஆகும். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும், பாடங்களின் வரிசை இதனால் மாறாது.

இப்போது சமூக அறிவியல். இந்தத் தேர்வுக்கு இரண்டு பேர் வரவில்லை. எழுதிய 22 பேரின் மதிப்பெண்கள்:

96, 95, 94, 91, 91, 91, 91, 89, 88, 88, 88, 87, 86, 86, 85, 84, 83, 83, 82, 80, 79, 77

சராசரி 87. திட்ட விலக்கம் 5. நம் மாணவியின் 83க்கு இசட் மதிப்பு −0.8. அவளைவிடக் கூடுதலாக எடுத்தவர்கள் 16 பேர். வீட்டில் "நன்றாக வருகிறது" என்று சொன்ன பாடத்தில் அவள் வகுப்பின் கீழ்ப்பாதியில் இருக்கிறாள். 83 என்ற எண்ணின் பெருமையில் பெரும்பகுதி அவளுக்கு உரியது அல்ல, அந்த வினாத்தாளில் எல்லோருக்குமே கிடைத்தது.

மற்ற மூன்று பாடங்களையும் இப்படியே போட்டால் கிடைப்பது:

| பாடம் | மதிப்பெண் | வகுப்புச் சராசரி | திட்ட விலக்கம் | இசட் மதிப்பு | முன்னால் இருப்பவர்கள் |
|---|---|---|---|---|---|
| கணிதம் | 62 | 46 | 13.94 | +1.15 | 3 |
| ஆங்கிலம் | 71 | 61 | 15 | +0.67 | 9 |
| தமிழ் | 85 | 81 | 8 | +0.50 | 7 |
| அறிவியல் | 76 | 72 | 10 | +0.40 | 8 |
| சமூக அறிவியல் | 83 | 87 | 5 | −0.80 | 16 |

கடைசியில் இருந்த கணிதம் மேலே வந்துவிட்டது. இரண்டாவதாக இருந்த சமூக அறிவியல் அடிக்குப் போய்விட்டது. பார்க்கிறவருக்கு இது பளிச்சென்று தெரியும் என்பதால் இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் இந்த அட்டவணையை அப்படியே நம்புவதற்கு முன் சில இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் வராதவர்கள். மதிப்பெண் பட்டியல் தாள் கணினியில் ஏறும்போது, வராத இருவருக்கும் 0 என்று அடித்திருந்தார்கள். மொத்தம் போடுவதற்கு அது இடைஞ்சல் இல்லை என்பதால் பல பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. அந்த இரண்டு பூஜ்யங்களோடு கணக்குப் போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சராசரி 87இலிருந்து 79.75 ஆக இறங்குகிறது. திட்ட விலக்கம் 5இலிருந்து 24.5க்குத் தாவுகிறது. நம் மாணவியின் இசட் மதிப்பு −0.8க்குப் பதில் +0.13 ஆகிவிடுகிறது. குறியே மாறிவிட்டது. அவளுடைய ஒரே உண்மையான பின்தங்கல் "சராசரிக்குக் கொஞ்சம் மேல்" என்று மறைந்துபோகிறது.

அவளுக்கு மட்டும் அல்ல. முதலிடம் வந்த 96க்கு +1.8 வர வேண்டியது +0.66 ஆகிறது. கடைசியில் இருக்கும் 77க்கு −2 வர வேண்டியது −0.11 ஆகிறது. வகுப்பு முழுக்க எல்லோரும் ஒரே தரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். வர்க்கப்படுத்துவதால் தொலைவில் விழும் ஓர் எண்ணுக்குத் திட்ட விலக்கத்தில் அபாரமான பலம் உண்டு. 22 பேரின் வேறுபாடுகளை இரண்டு பூஜ்யங்கள் விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். திட்ட விலக்கங்களின் நிரலை மட்டும் தனியாகப் பாருங்கள். எளிய பாடம், சராசரி 80ஐ ஒட்டி இருக்கிறது, ஆனால் திட்ட விலக்கம் 24 என்றால் எங்கேயோ பூஜ்யம் நுழைந்திருக்கிறது. விரிதாளில் வராதவர்களின் கட்டத்தைக் காலியாக விடலாம், அல்லது AB என்று எழுதலாம். கீழே உள்ள இரண்டு சார்புகளும் காலிக் கட்டங்களையும் எழுத்துகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை, பூஜ்யத்தைச் சேர்த்துவிடும்.

```
=AVERAGE(F$2:F$25)
=STDEV.P(F$2:F$25)
=(F9-AVERAGE(F$2:F$25))/STDEV.P(F$2:F$25)
=COUNTIF(F$2:F$25,0)
```

கடைசி வரி எத்தனை பூஜ்யங்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். தேர்வு எழுதி உண்மையிலேயே பூஜ்யம் வாங்கிய பிள்ளையை நீக்கக் கூடாது. அவர் வகுப்பின் பரவலில் ஒரு பகுதி. நீக்க வேண்டியது எழுதாதவரை மட்டும்.

அடுத்து அறிவியல். பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. இந்த வகுப்பில் செய்முறைக்கு எல்லோருக்கும் முழு 25 போட்டிருந்தார்கள். மாணவி எழுத்துத் தேர்வில் எடுத்தது 51. வகுப்புச் சராசரி 47, திட்ட விலக்கம் 10, இசட் மதிப்பு 0.4. எல்லோருக்கும் 25ஐக் கூட்டினால் அவளுடைய மதிப்பெண் 76 ஆகும், சராசரி 72 ஆகும், பரவல் துளியும் மாறாது. இசட் மதிப்பு அதே 0.4தான். எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட மதிப்பெண் இசட் மதிப்பில் தானாகவே கழிந்துவிடுகிறது. வெறும் மதிப்பெண்ணை வைத்துப் பாடங்களை ஒப்பிட்டால், செய்முறை உள்ள அறிவியல் எப்போதும் கணிதத்தைவிட நன்றாக வருவதுபோலவே தெரியும். நம் மாணவிக்கு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் இடையே தெரிந்த 14 மதிப்பெண் வித்தியாசத்தின் பெரும்பங்கு இங்கிருந்துதான் வந்தது. ஆனால் செய்முறை மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறினால் இந்த வாதம் நிற்காது. அப்போது எழுத்துத் தேர்வையும் செய்முறையையும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

ஆங்கிலத்தில் வேறொரு சிக்கல். இந்த வகுப்பில் ஒரு பகுதியினர் ஆங்கில வழிப் பள்ளிகளிலிருந்து எட்டாம் வகுப்புக்கு மேல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். மற்றவர்கள் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி. மதிப்பெண்களைத் தாளில் புள்ளியாகப் போட்டால் இரண்டு குவியல்கள் தெரிகின்றன: 13 பேர் 48ஐச் சுற்றி, 11 பேர் 76ஐச் சுற்றி. சராசரி 61. அந்த 61இல் ஒருவர்கூட இல்லை. திட்ட விலக்கம் 15 என்பதும் பெரும்பாலும் இரண்டு குவியல்களுக்கு இடையே உள்ள தூரம்தான்.

நம் மாணவியின் 71 மேல் குவியலின் அடியில் இருக்கிறது. இசட் மதிப்பு +0.67 என்கிறது. மணி வடிவில் அமைந்த பரவலாக இருந்தால், 24 பேரில் சுமார் ஆறு பேர் அவளுக்கு முன்னால் இருப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். உண்மையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தமிழில் இசட் மதிப்பு அதைவிடக் குறைவு, 0.5தான், ஆனால் முன்னால் இருப்பவர்கள் ஏழு பேர். எது மேல், ஆங்கிலமா தமிழா? இசட் மதிப்பு ஒன்றைச் சொல்கிறது, தரவரிசை இன்னொன்றைச் சொல்கிறது. இதற்காகத்தான் அட்டவணையில் கடைசி நிரலைச் சேர்த்தேன். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம். கணிதத்திலும் சமூக அறிவியலிலும் அப்படிக் காட்டுகின்றன. முரண்பட்டால் பரவலின் வடிவத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. 24 எண்களைப் புள்ளியாகப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இப்போது "ஒப்பீட்டளவில் பலம்" என்பதற்கு வருகிறேன். எதோடு ஒப்பிட்டு? இசட் மதிப்பு நேர்க்குறியில் இருந்தால் பலம், எதிர்க்குறியில் இருந்தால் பலவீனம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வகுப்போடு ஒப்பிட்டது. ஒரு மாணவியின் பாடங்களுக்குள்ளேயே எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று கேட்டால் இன்னொரு கழித்தல் தேவை. வகுப்பில் முதலிடம் வரும் பிள்ளைக்கு ஐந்து பாடங்களும் +1க்கு மேல் இருக்கும். அவருக்குப் பலவீனமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கடைசியில் இருப்பவருக்கு ஐந்தும் எதிர்க்குறியில் இருக்கும். அவரிடம் பலமே இல்லை என்று சொல்வது அநியாயம்.

அதனால் அவரவருடைய ஐந்து இசட் மதிப்புகளின் சராசரியை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். நம் மாணவிக்கு ஐந்தின் சராசரி 0.38. கழித்தால் கணிதம் +0.77, ஆங்கிலம் +0.29, தமிழ் +0.12, அறிவியல் +0.02, சமூக அறிவியல் −1.18. அவளுடைய வழக்கமான நிலை வகுப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த நிலையிலிருந்து பார்த்தால் சமூக அறிவியல் விழுந்திருக்கும் ஆழம் −0.8 காட்டியதைவிட அதிகம். நடுவில் இருக்கும் மூன்று பாடங்களும் அவளுடைய வழக்கமான நிலையை ஒட்டியே இருக்கின்றன.

இனி மிக முக்கியமான சந்தேகம். சமூக அறிவியலின் திட்ட விலக்கம் 5தான். அங்கே ஒரு மதிப்பெண் என்பது 0.2 இசட். கணிதத்தில் ஒரு மதிப்பெண் என்பது 0.07 மட்டுமே. சமூக அறிவியலில் நெடுவினாக்கள் உண்டு. ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் மொத்தத்தில் இரண்டு மூன்று மதிப்பெண் மாறுவது சாதாரணம். அவளுக்கு மூன்று மதிப்பெண் கூடுதலாக விழுந்து 86 ஆகியிருந்தால் இசட் மதிப்பு −0.2 ஆகியிருக்கும். அதே மூன்று மதிப்பெண் கணிதத்தில் மாறினால் 0.2தான் அசையும். திட்ட விலக்கம் சிறியதாக இருக்கும் பாடத்தில் இசட் மதிப்பு திருத்துபவரின் கைப்பழக்கத்தைக்கூடப் பெரிதாக்கிக் காட்டிவிடும். மாணவி நிஜமாகவே பின்தங்கியிருக்கிறாளா, அன்றைக்கு மட்டும் நாலு மதிப்பெண் தவறியதா என்று ஒரு தேர்வை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்குக் காலாண்டுத் தேர்வை எடுத்தேன். வேறு வினாத்தாள், வேறு சராசரி, வேறு பரவல். ஆனால் இசட் மதிப்பாக மாற்றிவிட்டால் இரண்டு தேர்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காலாண்டில் அவளுக்குக் கணிதம் +0.9, தமிழ் +0.7, அறிவியல் +0.6, ஆங்கிலம் +0.5, சமூக அறிவியல் −0.6. உச்சியில் கணிதமும் அடியில் சமூக அறிவியலும் இரண்டு முறையும் அதே இடத்தில் நிற்கின்றன. நடுவில் உள்ள மூன்றும் இடம் மாறிக்கொண்டன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றே ஒன்று: கணிதமும் சமூக அறிவியலும் பற்றி நம்பிப் பேசலாம், மற்ற மூன்றின் வரிசையைப் பற்றிப் பெற்றோரிடம் வாயே திறக்கக் கூடாது. பொதுவாக, இரண்டு பாடங்களுக்கு இடையே அரை இசட்டுக்குக் குறைவான வித்தியாசம் இருந்தால், அதை நான் சமமாகவே எடுத்துக்கொள்வேன். அது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை, சூத்திரம் தந்தது அல்ல.

ஒப்பிடும் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணிதத்தில் +1.15 என்பது இந்த வகுப்பில். இந்த வகுப்பு கணிதத்தில் பலமான வகுப்பு அல்ல. அரையாண்டுக்கு எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாள் என்பதால், பள்ளியின் மூன்று பிரிவுகளையும் சேர்த்து இன்னொரு முறை கணக்குப் போட்டேன். கணிதத்தின் சராசரி 54, திட்ட விலக்கம் 17 ஆனது. அவளுடைய இசட் மதிப்பு 0.47ஆகச் சுருங்கியது. தமிழும் ஆங்கிலமும் 0.4ஐ ஒட்டி, அறிவியல் 0.2. சமூக அறிவியலின் சராசரி 88, திட்ட விலக்கம் 6, இசட் மதிப்பு −0.83. கூட்டத்தை மாற்றியதும் சமூக அறிவியலின் பலவீனம் அசையாமல் நிற்கிறது. கணிதத்தின் பலம் மற்றப் பாடங்களோடு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. "கணிதம் அவளுடைய மிகச் சிறந்த பாடம்" என்று சொன்னால் அதிகமாகச் சொன்னதாகும். "கணிதம் அவளுக்கு வராத பாடம் அல்ல" என்பதை இரண்டு கணக்குகளும் சொல்கின்றன. அம்மா கேட்ட கேள்விக்கு அவ்வளவு போதும்.

எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இலங்கையே சாட்சி. அங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை 2001 முதல் பயன்படுத்துகிறார்கள். மூன்று பாடங்களுக்கும் தனித்தனியாக இசட் கண்டு, சராசரி எடுப்பார்கள். 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு பிரிவினர் தோற்றினார்கள். வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இருவரையும் ஒரே பரவலாகக் கலந்து கணக்கிட்டது வழக்காகி, 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை ரத்து செய்து, இரு பிரிவினரையும் தனித்தனிக் கூட்டமாக எடுத்து மறுபடி கணக்கிடச் சொன்னது. நம் பள்ளிகளிலும் இதே தவறுக்கு இடமுண்டு. பதினொன்றாம் வகுப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் எல்லாக் குரூப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், உயிரியலை ஒரு குரூப் மட்டும் எழுதுகிறது. ஆங்கிலத்தின் இசட்டை முழுப் பள்ளியோடும் உயிரியலின் இசட்டை அந்த ஒரு குரூப்போடும் கண்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. எல்லாப் பாடங்களையும் எழுதிய அதே பிள்ளைகளை வைத்துத்தான் எல்லா இசட்டும் காண வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் விடைத்தாள்களை எடுத்தோம். இசட் மதிப்பு எந்தக் கட்டிலிருந்து தாளை உருவ வேண்டும் என்று சொல்லும், தாளுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கணிதத் தாளில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டும், அதாவது வடிவியல் வரைதலும் வரைபடமும், முழுசாக 16. ஒரு மதிப்பெண் வினாக்களில் 14க்கு 11. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20க்கு 15. ஐந்து மதிப்பெண் பகுதியில் மட்டும் 50க்கு 20. இழந்த 38இல் 30 அந்த ஒரு பகுதியில் போயிருக்கிறது. பத்து வினாக்கள் எழுத வேண்டிய இடத்தில் ஏழுதான் தொட்டிருக்கிறாள். தொட்டவற்றிலும் இயற்கணிதக் கணக்குகள் பாதியில் நிற்கின்றன. வகுப்பில் பலருக்கும் அதே பகுதியில்தான் சரிவு. அதனால்தான் அவளுடைய 62 வகுப்பில் உயரமாகத் தெரிகிறது. மேலே இருக்கிறாள் என்பதற்காக 38 மதிப்பெண் இழப்பு இல்லாமல் போய்விடாது.

சமூக அறிவியலில் இழந்தது 17தான். அதில் 9 இந்திய வரைபடத்திலும் காலக்கோட்டிலும். வகுப்பில் மற்றவர்கள் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கும் இடம் அது. அவளிடம் கேட்டபோது, "மேப் கடைசி பத்து நிமிஷத்துல போட்டுக்கலாம்னு விட்டுடுவேன் சார், நேரம் இருக்காது" என்றாள். காலாண்டுத் தாளையும் தேடி எடுத்துப் பார்த்தோம், அங்கேயும் வரைபடம் அரைகுறை.

அம்மாவிடம் சொன்னது இதுதான்: "கணக்கு வரலைன்னு முடிவு பண்ணாதீங்கம்மா. அந்தத் தாள் எல்லோருக்குமே கஷ்டமா இருந்தது, அதுல இவளுக்கு முன்னாடி மூணு பேர்தான். ஆனா 62 போதாது, அஞ்சு மார்க் கணக்கைப் பயிற்சி பண்ணணும். சமூக அறிவியல் 83ன்னு விட்டுடாதீங்க, அதுல சுலபமா வர்ற மார்க்கை விடுறா." குரூப் விஷயத்தில் நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அதைத் திருப்புதல் தேர்வுகளும் பொதுத்தேர்வும் முடிந்த பிறகு, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்தோம்.

முதல் திருப்புதல் தேர்வில் வரைபடத்தை முதலிலேயே போட்டுவிட்டாள். சமூக அறிவியலில் 89, வகுப்புச் சராசரி 88, திட்ட விலக்கம் 5, இசட் மதிப்பு −0.8இலிருந்து +0.2. கணிதத்தில் 70, வகுப்புச் சராசரி 51, திட்ட விலக்கம் 15, இசட் மதிப்பு 1.15இலிருந்து 1.27. சமூக அறிவியலில் ஆறு மதிப்பெண் ஏறியதற்கு இசட் ஒரு முழு அலகு நகர்ந்தது. கணிதத்தில் எட்டு மதிப்பெண் ஏறியும் அசையவே இல்லை என்று சொல்லலாம். வகுப்பும் சேர்ந்து ஐந்து மதிப்பெண் ஏறியிருந்ததுதான் காரணம். ஐந்து மதிப்பெண் வினாக்களில் அவள் 20இலிருந்து 29க்கு வந்தது இசட் நிரலில் எங்கேயும் தெரியாது. அதனால் இப்போது ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் மதிப்பெண், இசட் மதிப்பு, வினாப் பகுதிவாரியான இழப்பு என்று மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.